ரைஸ்மில்லில் சிக்கிய ஆதி உயிர்

திருவண்ணாமலை கடைத்தெருவில் நின்றுகொண்டு 'உண்ணாமுலை' என்று கூப்பிட்டால் பூக்காரி ஒருத்தி, டீச்சர் ஒருத்தி, தாலுகா ஆபீஸ்காரம்மா ஒருத்தி என்று ஏழெட்டுப் பேர் திரும்புவார்கள். அம்மன் பேர் ஊருக்கே பொது. 'ஆர்க்கியா மேடம்' என்று கூப்பிட்டால் திரும்புகிறவள் ஒருத்திதான். வேட்டவலம் சாலையில் ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் இருபத்து மூன்று வருஷமாக நுண்ணுயிரியல் நடத்துகிறவள். அவளை அப்படிக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது அவளுடைய இனிஷியலா, வீட்டுப் பேரா, வியாதியா என்று தெரியாது.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற குடும்பம். அந்த வீட்டில் எம்.எஸ்சி. படித்த முதல் ஆள் அவள். நுண்ணுயிரியலை ஏன் எடுத்தாள் என்று யாராவது கேட்டால், சிறு வயதிலிருந்தே கண்ணுக்குத் தெரியாத உலகத்தின் மேல் ஆசை என்று மேடையில் சொல்லுவாள். உண்மையில் விண்ணப்பம் வாங்கப் போன அன்று வேதியியல் வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. நுண்ணுயிரியல் வரிசையில் மூன்றே பேர். நாலாவதாகப் போய் நின்றாள். அவள் வாழ்க்கையை நிர்ணயித்தது அன்றைய வெயில்.

பிஎச்.டி.க்கு இரண்டு தரம் பதிவு செய்தாள். முதல் வழிகாட்டி ஓய்வு பெற்றார். இரண்டாமவர் கனடாவுக்கு மகள் வீட்டுக்குப் போனவர் அங்கேயே பேரனை வழிகாட்டிக்கொண்டு நின்றுவிட்டார். கூடப் படித்தவர்களெல்லாம் பேருக்கு முன்னால் 'முனைவர்' போட்டுக்கொண்டு கல்யாணப் பத்திரிகையில் நீளமாக நிற்க, உண்ணாமுலை மட்டும் குட்டையாகவே நின்றாள். ஐம்பத்தொரு வயதாகிவிட்டது. பட்டம் போகட்டும், தன் பேரில் ஒரே ஒரு கண்டுபிடிப்பு, ஒரே ஒரு கட்டுரை. அதற்குமேல் அண்ணாமலையாரிடம் அவள் எதுவும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அது ஒன்றுதான் என்பதால், அவருக்கும் மனப்பாடமாகியிருக்கும்.

அவளுக்குப் பிடித்த பாடம் ஆர்க்கியா. உயிர்களை மூன்று பெரிய குடும்பமாகப் பிரித்தால் பாக்டீரியா ஒன்று, ஆர்க்கியா ஒன்று, மூன்றாவது நாம்: மனிதன், மாடு, மல்லாட்டைச் செடி, காளான், ஈஸ்ட் எல்லாம் சேர்ந்த யூகேரியோட்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் ஆர்க்கியாவும் பாக்டீரியாவும் அச்சு அசல் ஒன்று போலிருக்கும். வித்தியாசம் உடுப்பில் இருக்கிறது என்பாள்.

"பாக்டீரியா கயித்துக் கட்டில் மாதிரிடா" என்று ஆரம்பிப்பாள். சர்க்கரைச் சங்கிலிகள் நீளவாக்கில். சின்னப் புரதத் துண்டுகள் குறுக்கே முடிச்சு. அதுதான் பெப்டிடோகிளைக்கன் சுவர். பெனிசிலின் வந்து அந்த முடிச்சைப் போடவிடாமல் கையைத் தட்டிவிடும். கட்டில் தொய்ந்து பாக்டீரியா வெடிக்கும். ஆர்க்கியாவிடம் அந்தக் கட்டிலே கிடையாது. பெரும்பாலும் புரதத்தால் ஓடு வேய்ந்த மாதிரி ஒரு மேலுறை. சிலதில் கட்டில் மாதிரியே ஒன்று இருந்தாலும் சர்க்கரை வேறு, முடிச்சு வேறு. பெனிசிலின் வந்து தேடிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நம் உடம்பு செல்லுக்குச் சுவரே இல்லை. செடிக்கு செல்லுலோஸ், காளானுக்கு கைட்டின்.

அடுத்தது சவ்வு. இங்கேதான் அவள் குரல் ஏறும். பாக்டீரியாவுக்கும் நமக்கும் சவ்வு இரண்டு அடுக்கு. ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறுக்கும் ஒரு தலை, இரண்டு நேரான வால். தலையில் வாலைப் பிணைப்பது எஸ்டர் பிணைப்பு. கொதிக்கிற அமிலத் தண்ணீரில் அது சுலபமாக அவிழும். ஆர்க்கியாவில் ஈதர் பிணைப்பு; லேசில் அவிழாது. வால்களும் கிளை விட்ட வால்கள். சூட்டிலும் உப்பிலும் சவ்வு ஒழுகாமல் பார்த்துக்கொள்ளும். வாலைத் தலையோடு சேர்க்கிற கிளிசராலிலேயே நம்முடையது வலக்கை என்றால் அவர்களுடையது இடக்கை.

"ஜாஸ்தி சூட்டுல வாழ்ற சிலது இன்னும் ஒரு படி மேல. ரெண்டு அடுக்கு வாலையும் நடுவுல ஒண்ணாச் சேர்த்துடும். ரெண்டு பக்கமும் தலை, நடுவுல ஒரே உடம்பு. இருதலைப் பாம்பு பாத்திருக்கீங்களா?"

லட்சத்துக்கு விற்கிறேன் என்று ஊரை ஏமாற்றுகிற பாம்பு அது என்பதால் பின் வரிசையில் சிரிப்பு வரும். இரண்டு அடுக்கென்றால் சூட்டில் அது தனியாக, இது தனியாக உரியலாம். ஒரே பலகையாக இருந்தால் எதை உரிப்பது? நடுவில் ஐந்து கார்பன் வளையங்களைச் செருகி இன்னும் நெருக்கமாக அடுக்கிக்கொள்வதும் உண்டு. சவ்வு மட்டும் போதாது, புரதங்களும் டி.என்.ஏ.வும் சூடு தாங்க வேண்டும், அதற்கும் தனி ஏற்பாடு உண்டு என்று முடிப்பாள். எல்லா ஆர்க்கியாவும் சூட்டுப் பிரியர்களில்லை, மாட்டு வயிற்றிலும் உப்பளத்திலும் இருக்கின்றன என்பதையும் மறக்காமல் சொல்வாள். மரக்காணத்துக் கல் உப்பிலிருந்து உப்பு விரும்பும் ஆர்க்கியாவை வளர்த்து, செக்கச்செவேலென்று குடுவையில் வருஷா வருஷம் காட்டுவாள். அதை எவனோ எப்போதோ கண்டுபிடித்துவிட்டான் என்பதால் அதன் மேல் அவளுக்குக் கொஞ்சம் அலட்சியம்.

போன தை மாதம் மாமனார் வீட்டு நெல்லைப் புழுங்கல் போட கீழ்பென்னாத்தூர் தசரதன் ரைஸ்மில்லுக்குப் போனாள். நெல் வேகிற தொட்டிக்குக் கீழே நீராவித் தண்ணீர் வடிகிற கால்வாய். அதில் கை வைத்தால் தோல் கழன்றுவிடும். அந்தக் கால்வாயின் ஓரத்தில் பழுப்பாக, வழவழவென்று ஒரு பாசி மாதிரி. சாதாரண ஜனங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்வார்கள். உண்ணாமுலைக்கு மயிர்க்கூச்செறிந்தது. கைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தாள். ரைஸ்மில்லுக்குத் தெர்மாமீட்டரோடு போகிறவள் என்பதிலிருந்தே ஆளைப் புரிந்துகொள்ளலாம். எழுபத்து நாலு டிகிரி. காபி கொண்டுவந்திருந்த பிளாஸ்க்கைக் காலி செய்து, அந்தத் தண்ணீரிலேயே இரண்டு தரம் அலசி, பாசியை வழித்துப் போட்டு மூடினாள். அன்றைக்கு அவள் கணவர் முருகவேலுக்குக் காபி இல்லை. பஸ் பணிமனைக்கு வேலைக்குப் போகிற அவசரத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அதே பிளாஸ்க்கில் காபி வந்தபோதுதான் சொன்னார்.

ஆய்வகத்தில் அறுபத்தைந்து டிகிரியில் வைத்த வளர்ப்புத் தட்டில் மறுநாளே வளர்ந்தது. சாட்சி ஒன்று: பெனிசிலின் ஜாதியைச் சேர்ந்த ஆம்பிசிலின் வில்லையை நடுவில் வைத்துப் பார்த்தாள்; வில்லையைச் சுற்றி ஒரு நூலிழை வெளிகூட விடாமல் மொய்த்துக்கொண்டு வளர்ந்தது. கயிற்றுக் கட்டில் இல்லை! சாட்சி இரண்டு: பாக்டீரியாவை வகை பிரிக்கிற கிராம் சாயம் போட்டால் இளஞ்சிவப்பு, உள்ளே சாயம் ஏறாத சின்னச் சின்னக் கண்ணாடிப் புள்ளிகள். சில ஆர்க்கியாக்களில் காற்றுப் பைகள் இருப்பதாகப் படித்திருந்தாள். காற்றுப் பையேதான். சாட்சி மூன்று: கடைசியாக ஒரு குழாயை, எந்தக் கிருமியும் பிழைக்காது என்று ஆய்வகங்கள் நம்புகிற நூற்று இருபத்தொரு டிகிரியில் பதினைந்து நிமிஷம் வைத்து எடுத்து, மறுபடி தட்டில் தேய்த்தாள். வளர்ந்தது.

அன்று சாயந்திரம் அவள் நடந்து வீட்டுக்குப் போகவில்லை. மிதந்து போனாள். பஸ் ஸ்டாண்டு முனையில் ஒரு மாடு வழிமறித்தபோது மாட்டின் வயிற்றிலிருக்கும் ஆர்க்கியாக்களை நினைத்துச் சொந்தக்காரியைப் போல வணங்கினாள்.

ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் பதினோரு பேரிடம் சொல்லியிருந்தாள். பங்குனியில் கல்லூரியில் தேசியக் கருத்தரங்கு. முதல்வர் காமேஸ்வரி அம்மா கட்டுரைத் தலைப்பைக் கேட்டார். 'நெல் ஆலையிலிருந்து அதிவெப்பம் விரும்பும் புதிய ஆர்க்கியா' என்று எழுதிக் கொடுத்தாள். புதிய என்ற சொல்லை முதலில் போடவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு இடம் இருந்தது, சேர்த்தாள். பெங்களூரிலிருந்து விக்னேஷ்வரன் என்று ஒரு விஞ்ஞானி சிறப்பு விருந்தினராக வருவதாகவும் அவர் ஆர்க்கியாவிலேயே ஊறியவர் என்றும் அழைப்பிதழ் அச்சானது. கட்டுரைத் தொகுப்பும் இருநூறு பிரதி அச்சுக்குப் போனது.

மில்காரர் தசரதனிடம் சொன்னதுதான் பெரிய பிழை. அவர் அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. ஆர்க்கியா என்றால் ஆதி என்று அர்த்தம் வரும் கிரேக்கப் பேர், பேர்தான் அப்படி, மற்றவற்றைவிட அது மூத்தது என்று எண்ணிவிடக் கூடாது என்று அவள் விளக்கியதில் முதல் பாதி மட்டும் அவருக்குப் பிடித்துப்போனது. பத்து நாளில் புதுப் பை அச்சடித்து வந்தது: 'உலகின் ஆதி உயிர் பிறந்த ஆலை. தசரதன் புழுங்கல்.' பின்னணியில் மலை. மலை உச்சியில் தீபம். தீபத்துக்குப் பக்கத்தில், அவரே வரையச் சொன்னதாம், கண், மூக்கோடு ஒரு கிருமி.

இந்த ஊர்வலத்தில் சேராத ஆள் ஒருவர் உண்டு. வேதியியல் துறை அறிவுமதி. எதிர் அறை. இருபது வருஷமாக அவளோடு ஒரே டப்பாவில் சுண்டல் தின்றவர். அதனால் மரியாதை கம்மி.

"எல்லாம் சரிங்க மேடம். கொழுப்பைப் பாத்தீங்களா?" என்றார்.

அவள் ஆம்பிசிலினைச் சொன்னாள். நூற்று இருபத்தொன்றைச் சொன்னாள். அவர் சுண்டலை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, மறுபடி அதையே கேட்டார். இருபத்து மூன்று வருஷமாக ஈதர், எஸ்டர் என்று எதிர் அறைக்குக் கேட்கும்படி கத்துகிறவர், தன் சொந்தப் பிள்ளைக்கு ஜாதகம் பார்க்காமலே தாலி எடுத்து வைத்திருக்கிறாரே என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. பார்த்துவிடலாம் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, பார்க்காமலிருக்க மூன்று வாரம் காரணம் தேடினாள். மெத்தனால் இல்லை என்றாள், அவர் கொடுத்தார். சிலிக்கா தட்டு இல்லை என்றாள், அதையும் கொடுத்தார். நல்ல நாள் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்ததை, அறிவியல் ஆசிரியை என்ற ஞாபகம் வந்து விழுங்கினாள்.

கருத்தரங்குக்கு மூன்று நாள் இருக்கும்போது வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். மூன்று குழாய். ஒன்றில் பேக்கரி ஈஸ்ட், நம் யூகேரியோட்டுக் குடும்பத்தின் சார்பில். ஒன்றில் மரக்காணத்துச் சிவப்பு ஆர்க்கியா. மூன்றாவதில் ரைஸ்மில் செல்வம். மூன்றையும் உலர்த்தி, அமிலம் கலந்த மெத்தனால் ஊற்றி, இறுக மூடி, ஐம்பது டிகிரி அடுப்பில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். எஸ்டர் பிணைப்பு என்றால் வால்கள் அவிழ்ந்து, மெத்தனாலோடு சேர்ந்து வேறு பொருளாகிவிடும். ஈதர் என்றால் அசையாது. தலையின் நுனி போனாலும், வால்கள் கிளிசராலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

மறுநாள் காலை ஹெக்சேனில் பிரித்தெடுத்து, சிலிக்கா தட்டின் அடியில் பக்கம் பக்கமாக மூன்று பொட்டு வைத்து, கரைப்பான் ஊற்றிய ஜாடியில் தட்டை நிறுத்தினாள். கரைப்பான் தட்டில் மெல்ல ஏறும்; அவிழ்ந்த வால்கள் அதோடு மேலே ஓடும்; அவிழாத ஈதர் கொழுப்பு கீழேயே தங்கும். எடுத்து உலர்த்தி, பச்சை கலந்த மஞ்சள் மருந்து ஒன்றைத் தெளித்துச் சூடு காட்டினால் கொழுப்பு நின்ற இடம் கருநீலமாகத் தெரியும். அறிவுமதி தெளித்தார். அவள் ஹாட் பிளேட்டின் மேல் தட்டைப் பிடித்துக்கொண்டு, குலதெய்வத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாகக் கூப்பிட்டாள்.

ஈஸ்ட்டின் பொட்டு மேலே. மரக்காணத்துப் பொட்டு கீழே, சமர்த்தாக. ரைஸ்மில் பொட்டு மெல்லக் கருத்துக்கொண்டு வந்தது. மேலே. ஈஸ்ட்டுக்குப் பக்கத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பிள்ளைகள் மாதிரி.

எஸ்டர். கூட்டத்தில் தொலைந்த பிள்ளை கிடைத்தது என்று தூக்கிக் கொஞ்சினால், அது பக்கத்து வீட்டுப் பிள்ளை.

அறிவுமதி சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

"தட்டைத் திருப்பிப் பிடிச்சுப் பாக்கட்டுமா?" என்றாள்.

"தலைகீழாப் பிடிச்சா மரக்காணமும் மேல போயிடும் மேடம்."

எஸ்டர் என்றால் ஒன்று நம் குடும்பம், இல்லாவிட்டால் பாக்டீரியா; வடிவத்தைப் பார்த்தால் பாக்டீரியாதான். அப்படியானால் மூன்று சாட்சிகளும் பொய்ச்சாட்சி. உண்ணாமுலை ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றினாள். ஆம்பிசிலின் வில்லை டப்பாவைத் திருப்பினாள். காலாவதியாகி இரண்டு வருஷம். போதாததற்கு, அறுபத்தைந்து டிகிரியில் நல்ல ஆம்பிசிலினே சீக்கிரம் கெட்டுப்போகும். முடிச்சைத் தடுக்க வந்த ஆள் வாசலிலேயே செத்துக் கிடந்திருக்கிறான். இவள் கட்டில் இல்லை என்று எழுதிக்கொண்டாள். காற்றுப் பை என்று கும்பிட்ட கண்ணாடிப் புள்ளிகளுக்கு வித்துச் சாயம் போட்டாள். பச்சைப் பசேலென்று ஏறியது. வித்துகள். வெப்பம் விரும்பும் பேசில்லஸ் வகைப் பாக்டீரியா, ஆபத்து வந்தால் உள்ளே கட்டிக்கொள்ளும் கெட்டிப் பெட்டி. கிராம் சாயம் ஊதாவாக ஏறாமல் இளஞ்சிவப்பாக நின்றதும் கிழட்டுத் தட்டிலிருந்து எடுத்ததால் வந்த கோளாறு.

மிச்சம் இருந்தது நூற்று இருபத்தொன்று. வித்தானாலும் அந்த வெப்பத்தில் பதினைந்து நிமிஷம் என்றால் தீர்ந்திருக்க வேண்டும். ஆய்வகத்தின் ஆட்டோகிளேவ் பழுதாகி ஒன்றரை வருஷமாகிறது. அதற்குப் பதில் பெரிய பிரஷர் குக்கர்தான். தப்பில்லை, அழுத்தம் ஒன்றுதான். குக்கரைப் பார்த்துக்கொள்கிற ஆய்வக உதவியாளர் சடையன் எப்போதும் ஆவி நன்றாகச் சீறி வரும் வரைக்கும் காத்திருந்து, பிறகே வெயிட்டைப் போடுவார். உள்ளே இருக்கிற காற்று முழுக்க வெளியேற வேண்டும். காற்று மாட்டிக்கொண்டால் அழுத்தம் காட்டும், சூடு ஏறாது. நூற்றுப் பத்துகூட வராது. வித்துக்கு அது சுகமான வெந்நீர்க் குளியல்.

அன்று சடையன் குக்கரைப் பார்க்கவில்லை. கிரிவலக் கூட்டத்தில் பஸ் நகரவில்லை என்று போன் செய்தார். அவசரம் தாங்காமல் அவளே அடுப்பை ஏற்றி, வீட்டில் பருப்பு வைக்கிற பழக்கத்தில், மூடிய கையோடு வெயிட்டைப் போட்டாள். எம்.எஸ்சி. முதல் வகுப்பு. 'காற்றை வெளியேற்றிய பின்பே' என்று பரீட்சையில் வருஷா வருஷம் இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்கிறவள். எழுதாத பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண் குறைக்கிறவள்.

இன்னும் ஒரு கொடுமை மிச்சம் இருந்தது. ஆட்டோகிளேவ் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆஸ்பத்திரிகளில் வித்து தடவிய ஒரு காகிதப் பட்டை உள்ளே வைப்பார்கள். வித்து செத்தால் கருவி சரி, பிழைத்தால் கருவி கோளாறு. அந்தப் பட்டையில் தடவுவது இந்த வகை வெப்பப் பாக்டீரியாவின் வித்தைத்தான். அதாவது, பிழைத்துக் காட்டி அது அவளிடம் சொன்னது 'நான் ஆர்க்கியா' என்று அல்ல, 'உன் குக்கர் சரியில்லை' என்று. அவள் மொழிபெயர்ப்பில்தான் கோளாறு.

தூங்கித் தப்புவது வேறு, விழித்து வாழ்வது வேறு என்று வகுப்பில் அவளே சொல்லுவாள். அதிவெப்ப ஆர்க்கியா நூறு டிகிரிக்கு மேலேயும் தின்று, வளர்ந்து, பெருகும். வித்து அங்கே பெட்டிக்குள் படுத்துக் கிடக்கும், அவ்வளவுதான். தொண்ணூறு டிகிரியில் ஒரு தரம் வளர்த்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சோம்பல்பட்டு விட்டுவிட்டாள்.

முதல்வர் காமேஸ்வரி அம்மாவிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை, கல்லூரி நடத்துகிறவர். தொகுப்பு அச்சாகி வந்துவிட்டது, வாசலில் பேனர் நிற்கிறது, விருந்தினருக்கு ரயில் டிக்கெட் போட்டாயிற்று என்று எடுத்துச் சொன்னார். ஆராய்ச்சி இன்னும் தொடர்கிறது என்று ஒரு வரி சேர்த்து, கொழுப்புத் தட்டை மட்டும் காட்டாமல் பேசிவிடலாமே என்றார். பொய் சொல்ல வேண்டாம், உண்மையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், அவ்வளவுதான்.

உண்ணாமுலைக்கு அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. இரண்டு நாள் அதை மடியில் வைத்துக் கொஞ்சினாள். ஐம்பத்தொரு வயதில் தன் பேர் போட்ட ஒரே கட்டுரை. தொகுப்பைப் புரட்டி நாற்பத்து மூன்றாம் பக்கத்தை எத்தனை தரம் தடவினாள் என்பதற்குக் கணக்கில்லை. விக்னேஷ்வரன் என்கிற அந்த மனுஷர் ரயிலில் தூங்கிப்போய் ஜோலார்பேட்டையைத் தாண்டிச் சென்னைக்குப் போய்விடக் கூடாதா என்றுகூட வேண்டிக்கொண்டாள். முருகவேல் முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, இப்போது பணிமனையில் உட்கார்ந்திருப்பவர். அவரிடம் சொல்லிப் புலம்பியபோது சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே கேட்டார். "தப்பு பஸ்ல ஏறிட்டா அடுத்த ஸ்டாப்பிங்ல இறங்கிடணும்மா. செங்கம் வரைக்கும் போய்ப் பாக்கலாம்னு உக்காந்திருந்தா, திரும்பி வர வேற டிக்கெட்டு." சொல்லிவிட்டு மோர் கேட்டார். அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

கருத்தரங்கு அன்று விக்னேஷ்வரன் சரியான நேரத்துக்கு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். ஒல்லியாக, பேனாவோடு. பக்கத்தில் பட்டுச் சட்டையில் தசரதன். பின்னால் மாணவர்கள். சடையன் புரொஜெக்டர் பக்கத்தில். உண்ணாமுலை மேடையேறினாள். திரையில் தலைப்பு விழுந்தது. கைத்தட்டல் முடிகிற வரைக்கும் காத்திருந்தாள். அந்தக் கைத்தட்டலையாவது முழுசாக அனுபவித்துவிடலாம் என்று.

"இந்தத் தலைப்புல மூணு தப்பு இருக்கு" என்றாள். "அதிவெப்பம் விரும்புறது இல்ல. புதுசு இல்ல. ஆர்க்கியாவும் இல்ல. நெல் ஆலைங்கறது மட்டும் நிஜம். அது தசரதன் சாரோடது."

பிறகு கொழுப்புத் தட்டைத் திரையில் போட்டாள். மூன்று பொட்டு. எது மேலே போனது, எது கீழே நின்றது, ஏன் என்று வகுப்பில் சொல்வதைப் போலவே சொன்னாள். இருதலைப் பாம்பு வந்ததும் பின் வரிசை சிரித்தது. காலாவதி டப்பாவின் படத்தைக் காட்டினாள். முன் வரிசையும் சிரித்தது. காற்றுப் பை வித்தான கதையைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை. குக்கரில் வைத்தும் அது சாகாமல் வந்ததையும் சொன்னாள். பதினைந்து நிமிஷம் போனதே தெரியவில்லை. தான் இவ்வளவு நன்றாகப் பேசக்கூடியவள் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. விஷயம் கைவசம் இல்லாதபோதுதான் பேச்சு வரும்போலிருக்கிறது.

விக்னேஷ்வரன் எழுந்து ஒரே கேள்வி கேட்டார். நூற்று இருபத்தொன்றில் பிழைத்தது என்றால் குக்கரில் காற்று நின்றிருக்க வேண்டும். வெயிட்டை முன்னாலேயே போட்டது யார்?

அரங்கு முழுக்கத் திரும்பிச் சடையனைப் பார்த்தது. ஆய்வகத்தில் எது உடைந்தாலும் சடையனைப் பார்ப்பது அந்தக் கல்லூரி வழக்கம். சடையன் வாயைத் திறக்கவில்லை, அதுவும் வழக்கம். ஒரு வினாடிக்கு உண்ணாமுலையின் மனசில், அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு தலை நீட்டியது. நிஜமாகவே நீட்டியது.

"நான்தான் சார்" என்றாள். "சடையண்ணன் அன்னிக்கு பஸ்ல மாட்டிக்கிட்டாரு. அவரு இருந்திருந்தா இந்தக் கண்டுபிடிப்பே நடந்திருக்காது."

விக்னேஷ்வரன் சிரித்தார். தம்முடைய ஆய்வகத்தில் ஆறு மாசம் வீணானதன் காரணம் இதைவிடக் கேவலமானது, அதை மேடையில் சொல்கிற தைரியம் தமக்கு இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என்ன காரணம் என்று கடைசி வரை சொல்லவில்லை. தசரதன் எழுந்து, அப்படியானால் அந்தப் பூச்சியால் அரிசிக்குக் கெடுதலா என்று கேட்டார். கால்வாயில் இருப்பதால் அரிசிக்கு ஒன்றுமில்லை, ஆனால் கால்வாயைக் கழுவுங்கள் என்றாள். பையில் இருக்கிற படத்தை என்ன செய்வது என்றார். இரண்டாயிரம் பையும் தீருகிற வரைக்கும் அதே பைதான் ஓடியது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் அந்த அரிசிக்குக் கிருமி அரிசி என்றே பேர். விற்பனை கூடியதாகத் தசரதன் சொல்லிக்கொள்கிறார்.

திங்கட்கிழமை முதல்வர் கூப்பிட்டு, தொகுப்பில் திருத்தச் சீட்டு ஒட்டாமல் ஒரு பிரதிகூட வெளியே போகக் கூடாது என்றார். குரலில் கோபம் இருந்தது. அதற்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அவளே வாசகம் எழுதினாள்: 'பக்கம் 43இல் ஆர்க்கியா எனக் குறிக்கப்பட்டது வித்து உண்டாக்கும் வெப்பம் விரும்பும் பாக்டீரியா. கொழுப்புச் சோதனையில் எஸ்டர் பிணைப்பு உறுதியானது. பிழை கட்டுரையாசிரியருடையது.' இருநூறு சீட்டு.

ஆய்வக மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒட்ட உட்கார்ந்தாள். சடையன் கேட்காமலே வந்து பக்கங்களைப் பிரித்துக் கொடுத்தார். அறிவுமதி சுண்டல் டப்பாவோடு வந்து, ஒரு சீட்டை எடுத்து இரண்டு தரம் படித்தார்.

"கடைசி வரி மட்டும் ஜாஸ்தி மேடம். அது இல்லாமலே எல்லாருக்கும் தெரியும்."

"என் பேருல அச்சுல வர்ற நிஜம் இது ஒண்ணுதான் சார். இருக்கட்டும்."

அவர் டப்பாவை அவள் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு தூரிகையை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். பசை பூசத் தெரியவில்லை அவருக்கு. முதல் சீட்டே கோணலாகப் போய், நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அவளுடைய பேரில் பாதியை மறைத்தது. அவள் நகத்தால் சுரண்டி எடுத்து, சரியான இடத்தில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினாள்.